எந்தத் திரவத்தில் இரும்பு ஆணி அதிகம் துருப்பிடிக்கும்?
அறிவியல் கண்காட்சி ஆய்வறிக்கை, ஒன்பதாம் வகுப்பு

கேள்வி

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் தண்ணீரில் வேறு ஏதாவது கரைந்திருந்தால் துருவின் அளவு மாறுமா? மாறினால், எது மாற்றுகிறது?

கருதுகோள்

உப்புநீரில் துரு மிக அதிகமாகவும், அடுத்தபடியாக வினிகரிலும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். சர்க்கரை நீர் வெறும் தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும் என்றும், எண்ணெயில் ஒன்றும் ஆகாது என்றும் எழுதி வைத்தோம்.

செய்முறை

5 செ.மீ. நீளமுள்ள சாதாரண இரும்பு ஆணிகளை எடுத்துக்கொண்டோம். துத்தநாக முலாம் பூசிய ஆணி இதற்கு ஆகாது. முலாம் தீரும்வரை இரும்பு வெளியே தெரியாது. கடையில் வரும் ஆணியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் இருக்கும். அதனால் எல்லா ஆணிகளையும் உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உடனே துடைத்து உலர்த்தினோம்.

ஒவ்வொரு திரவத்துக்கும் மூன்று கொதிகுழாய்கள், குழாய்க்கு ஓர் ஆணி, 15 மி.லி. திரவம். ஆணி முழுவதும் மூழ்கியிருந்தது. வாயில் பஞ்சைத் தளர்வாக வைத்தோம்; காற்று போக வேண்டும், தூசி விழக் கூடாது. ஒரு தொகுதியில் மட்டும் வடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்து, கரைந்த காற்றை வெளியேற்றி, ஆறுவதற்குள் மேலே ஒரு விரல்கடை உயரத்துக்கு எண்ணெய் ஊற்றி மூடினோம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தொகுதியில் திரவமே இல்லை: அடியில் ஈரத்தை உறிஞ்ச நீரற்ற கால்சியம் குளோரைடு, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் ஆணி, வாயில் இறுக்கமான தக்கை.

14 நாள் கழித்து ஆணிகளை எடுத்து, தூரிகையால் துருவைத் தேய்த்து நீக்கி, உலர்த்தி எடை போட்டோம். துருவோடு எடை போட்டால் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து எடை கூடத்தான் காட்டும். எவ்வளவு இரும்பு போனது என்று தெரியாது. எங்கள் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்பதால் ஒரு தொகுதியின் மூன்று ஆணிகளையும் சேர்த்தே நிறுத்தோம்.

மாறிகள்

நாங்கள் மாற்றியது (சாரா மாறி): திரவம். அளந்தது (சார்ந்த மாறி): இரும்பின் எடை இழப்பு; கூடவே கண்ணுக்குத் தெரிந்த துரு. மாறாமல் வைத்தவை: ஆணியின் வகை, நீளம், சுத்தம் செய்த விதம், திரவத்தின் அளவு, குழாயின் அகலம், நாள்கள், வைத்த இடம். எல்லாக் குழாய்களும் வெயில் படாத ஒரே அலமாரியில் இருந்தன. உப்பு, சர்க்கரை, சலவைச் சோடா கரைசல்கள் மூன்றும் 100 மி.லி. வடிநீருக்கு 3.5 கிராம் என்ற ஒரே கணக்கு. கடல்நீரின் உப்பும் ஏறத்தாழ இந்த அளவுதான். உப்புக்கு ஆய்வகச் சோடியம் குளோரைடையே பயன்படுத்தினோம். ஆவியாகிக் குறைந்த மட்டத்தை வடிநீர் விட்டுச் சரிசெய்தோம்.

முடிவுகள்

| திரவம் | தொடக்க எடை (கி) | இறுதி எடை (கி) | இழப்பு (கி) | கண்ணுக்குத் தெரிந்தது |
|---|---|---|---|---|
| வடிநீர் | 6.61 | 6.59 | 0.02 | பழுப்புத் துரு, திட்டுத்திட்டாக |
| உப்புநீர் | 6.58 | 6.54 | 0.04 | அடியில் தடித்த செம்பழுப்பு வண்டல் |
| சர்க்கரை நீர் | 6.63 | 6.61 | 0.02 | வடிநீர் போலவே |
| வினிகர் (5% அமிலம்) | 6.60 | 6.37 | 0.23 | ஆணி கருஞ்சாம்பல், திரவம் செம்பழுப்பு |
| சலவைச் சோடா கரைசல் | 6.57 | 6.57 | 0.00 | பளபளப்பு அப்படியே |
| கொதித்த நீர் + எண்ணெய் | 6.62 | 6.62 | 0.00 | மாற்றம் இல்லை |
| எண்ணெய் மட்டும் | 6.59 | 6.59 | 0.00 | மாற்றம் இல்லை |
| உலர் காற்று | 6.60 | 6.60 | 0.00 | மாற்றம் இல்லை |

துரு ஆணி முழுக்க ஒரே சீராகப் பரவவில்லை. வடிநீரில் முதலில் நிறம் மாறியது கொண்டையின் அடிப்பக்கமும் கூர்முனையும்தான். ஆணி செய்யும்போது அடித்து, நசுக்கி உருவாக்கிய இடங்கள் அவை. அங்கே உலோகம் இறுக்கத்தில் இருப்பதால் இரும்பு அணுக்கள் எளிதில் எலக்ட்ரானை விட்டுக் கரைகின்றன. நடுத்தண்டு பல நாள் பளபளப்பாகவே இருந்தது.

ஏன் இப்படி?

துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஓர் இடத்தில் இரும்பு கரைகிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது.

Fe → Fe²⁺ + 2e⁻
O₂ + 2H₂O + 4e⁻ → 4OH⁻

இரண்டு இடங்களுக்கும் நடுவே திரவத்தின் வழியாக அயனிகள் நகர வேண்டும். உப்பு Na⁺, Cl⁻ என்று பிரிந்து அந்தப் பாதையை எளிதாக்குகிறது. சர்க்கரை கரைந்தாலும் அயனியாகப் பிரியாது. ஆக, தண்ணீரில் ஏதோ ஒன்று கரைந்திருப்பது முக்கியமல்ல, அயனிகளாகப் பிரிவதுதான் முக்கியம் என்று இந்த இரண்டு குழாய்களும் காட்டுகின்றன. ஆனால் அயனி இருந்தாலே துரு வரும் என்றும் சொல்லிவிட முடியாது. சலவைச் சோடாவிலும் அயனிகள் உண்டு. ஆனால் அது நல்ல காரக் கரைசல். காரத்தில் இரும்பின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அடியிலிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே காரத்தன்மையால்தான்.

ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். எங்கள் 15 மி.லி.யில் 0.12 மி.கி. மட்டுமே. 4 Fe அணுவுக்கு 3 O₂ என்ற கணக்கில் அது சுமார் 0.28 மி.கி. இரும்பைத்தான் துருவாக்க முடியும். வடிநீரிலோ ஓர் ஆணிக்கு ஏறத்தாழ 7 மி.கி. இரும்பு போயிருக்கிறது. மீதி ஆக்சிஜன் முழுவதும் மேலேயிருந்த காற்றிலிருந்து கரைந்து இறங்கியிருக்க வேண்டும். எண்ணெய் அடுக்கு நீரை மூடியதும் ஆணி தப்பித்தது இதனால்தான்.

வினிகர்தான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். இரும்பு அதிகம் இழந்தது அதில்தான், உப்புநீரைப் போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆனால் ஆணியின் மேல் துருவே இல்லை! தொடக்கத்திலிருந்தே நுண்குமிழிகள் ஒட்டியிருந்தன, அது ஹைட்ரஜன். அமிலம் இரும்பை நேரடியாகக் கரைத்துவிடுகிறது, உருவாகும் உப்பு திரவத்திலேயே தங்கிவிடுகிறது. கண்ணால் மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் வினிகரைப் பாதுகாப்பான திரவங்களின் வரிசையில் சேர்த்திருப்போம்.

முடிவு

துரு என்ற அளவில் பார்த்தால் உப்புநீரில்தான் அதிகம். வடிநீரிலும் சர்க்கரை நீரிலும் சமம். நீரோ ஆக்சிஜனோ ஒன்று இல்லாவிட்டால் துரு இல்லை. காரக் கரைசலில் இரண்டும் இருந்தும் துரு இல்லை. இரும்பின் இழப்பு என்று பார்த்தால் வினிகர் முதலிடம், ஆனால் அது அமில அரிமானம், துரு அல்ல. கருதுகோளில் உப்புநீர், சர்க்கரை, எண்ணெய் மூன்றும் சரி. வினிகரைப் பற்றியது தவறு.

குறைகள்

0.02, 0.04 ஆகியவை தராசின் எல்லைக்கு மிக அருகில் உள்ள எண்கள். உப்புநீரில் துரு அதிகம் என்பதை வண்டலும் உறுதிசெய்கிறது; ஆனால் சரியாக இரண்டு மடங்கு என்று சொல்ல மாட்டோம். கரைசல்களில் எடையைச் சமமாக வைத்தோமே தவிர, துகள்களின் எண்ணிக்கையை அல்ல. ஒரே எடையில் சர்க்கரை மூலக்கூறுகளைவிட உப்பின் அலகுகள் ஏறத்தாழ ஆறு மடங்கு. அடுத்த முறை மோல் கணக்கில் சமமாகக் கரைத்து, 0.001 கிராம் காட்டும் தராசில் ஒவ்வோர் ஆணியையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும்.