2,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர்: எவ்வளவு, எதுவரை, எப்படி

மதிப்பு: ரூ. 2,000. ஜிஎஸ்டி எல்லாம் பொருளின் விலைச்சீட்டிலேயே அடக்கம், மேற்கொண்டு எதுவும் ஏறாது.

எதுவரை செல்லும்: வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம். கடைசித் தேதி அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும். 14-06-2026 அன்று வாங்கியதென்றால் 13-06-2027 இரவு 9 மணிக்குக் கடை அடைக்கும்வரை செல்லும்.

எங்கே: திருநெல்வேலி டவுன், தெற்கு ரத வீதியில் உள்ள எங்கள் பாய், ஜவுளிக் கடையில் மட்டும். ஜங்ஷனிலிருந்து வருபவர்கள் டவுன் ஆர்ச்சில் இறங்கி நடந்துவிடலாம்.

எப்படி:
1. அட்டையைக் கையில் கொண்டு வாருங்கள்.
2. வேண்டியதை எடுங்கள்.
3. பில் போடுவதற்கு முன்பே அட்டையைக் காட்டுங்கள். பில் அடித்தபிறகு நீட்டினால், பழைய பில்லை ரத்து செய்து புதிதாகப் போடும்வரை நிற்க வேண்டியிருக்கும்.

அவ்வளவுதான். சந்தேகம் வரக்கூடிய இடங்களைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பில் கூடினால், குறைந்தால்
2,350 ரூபாய்க்கு எடுத்தால் 350 மட்டும் கொடுங்கள். பணமாகவோ ஜிபேயிலோ, உங்கள் வசதி. 1,640 ரூபாய்க்கு எடுத்தால் மீதி 360-ஐ அட்டையின் பின்பக்கம் எழுதி முத்திரை வைத்துத் தருவோம். அதே கடைசித் தேதிக்குள் இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். மீதியைப் பணமாகத் தருவதில்லை. ஒரே பில்லுக்கு இரண்டு மூன்று அட்டைகள் சேர்த்தும் கொடுக்கலாம். கல்யாண வீட்டில் அப்படித்தான் வந்து சேரும்.

ஆடித் தள்ளுபடியில் செல்லுமா?
செல்லும். தள்ளுபடி போக உள்ள விலையில்தான் அட்டைத் தொகை கழியும்.

பெயர் நெய்த பத்தமடைப் பாய் வேண்டுமென்றால்
இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மணமக்கள் பெயர் போட்ட பாய், அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பொருள் இல்லை. கோரையைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்குப் போகும். அதனால் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆர்டர் சொல்லிவிடுங்கள்.

அட்டைக்கு நாங்கள் பார்ப்பது ஆர்டர் கொடுத்த தேதியைத்தான். கடைசித் தேதிக்குள் ஆர்டர் கொடுத்திருந்தால் போதும். பாய் அதற்குப் பிறகு வந்தாலும் 2,000 ரூபாய் செல்லும். அது முன்பணமாக வரவு வைக்கப்படும், மிச்சத்தைப் பாய் வாங்கும்போது கட்டலாம். மிச்சம் இருக்கத்தான் செய்யும். மெல்லிய கோரையில் நெய்யும் பட்டுப்பாய் இந்தத் தொகைக்குள் அடங்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சாதாரணப் பாயோ, வீரவநல்லூர் சேலையோ, வேட்டி துண்டோ எடுப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

பெயரை ஆர்டர் புத்தகத்தில் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மூன்று சுழி ணவா, இரண்டு சுழி னவா, இனிஷியல் போடுவதா வேண்டாமா என்பதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வருவது நல்லது. கடைக்குள் வைத்து மாமனும் சித்தப்பாவும் முறைத்துக்கொண்டால் நாங்கள் யார் பக்கம் பேசுவது? பெயர் நெய்த பாயை மாற்றித் தர முடியாது. மற்ற பொருள்களைப் பில்லோடு 7 நாளுக்குள் மாற்றலாம்.

யார் கொண்டு வரலாம்?
யார் பெயரும் அட்டையில் இல்லை. உங்களுக்கு வந்ததை அக்காவிடமோ மதினியிடமோ கொடுத்து அனுப்பினாலும் செல்லும். வாட்ஸ்அப்பில் எடுத்த போட்டோ மட்டும் செல்லாது. ஒரே போட்டோ நாலு பேர் கைக்குப் போய்விடும்.

மொய்க் கவரில் வைப்பதற்காகத் தொகை தெரியாமல் அட்டை கேட்கிறார்கள். அப்படித் தருவதில்லை. அட்டை கிடைத்தவருக்கு எவ்வளவுக்கு எடுக்கலாம் என்று தெரியாவிட்டால், கல்லாவில் வந்துதான் சங்கடப்படுவார்.

கடை நேரம்
காலை 9.30 முதல் இரவு 9 வரை, ஞாயிறும் உண்டு. ஆனித் தேரோட்டத்தன்று விடுமுறை. தேர் வாசலைக் கடந்து போகிற நாளில் யார் பில் போடுவது? கடைசித் தேதி அன்றைக்கோ வேறு விடுமுறை நாளிலோ விழுந்தால் கடை திறக்கும் அடுத்த நாளும் செல்லும்.

பழைய மஞ்சள் அட்டை வைத்திருப்பவர்களுக்கு
"நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று மட்டும் அச்சடித்த அட்டைக்கும் இனி இதே விதிகள்தான். அதில் கடைசித் தேதி இல்லையென்றால், எண்ணைப் பதிவேட்டில் பார்த்து, விற்ற நாளிலிருந்து ஒரு வருடம் கணக்கிட்டு எழுதித் தருவோம்.

தொலைந்துவிட்டால்
அட்டையை விலைக்கு வாங்கியவர் தன் பில்லோடு வர வேண்டும். அந்த எண் அதுவரை பயன்படுத்தப்படாமல் இருந்தால் அதை முடக்கி, அதே கடைசித் தேதியோடு புது அட்டை தருவோம். கட்டணம் கிடையாது.