2026–27: கயிறு மிதியடி உற்பத்தி, நார் கொள்முதல் பட்ஜெட்

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அருகிலுள்ள நமது பட்டறை, பாலக்காடு, பொள்ளாச்சி வியாபாரிகளின் தேவையை வைத்து இதைத் தயாரித்துள்ளது. அடுத்த காலாண்டு விற்பனையில் 20 சதவீதம் சரக்கிருப்பாக நிற்க வேண்டும்; 2027 ஏப்ரல்–ஜூன் விற்பனை 4,000 எனக் கொண்டோம்.

| மிதியடி | ஏப்–ஜூன் | ஜூலை–செப் | அக்–டிச | ஜன–மார்ச் |
|---|---|---|---|---|
| விற்பனை | 4,000 | 5,000 | 6,000 | 5,000 |
| இறுதி இருப்பு | 1,000 | 1,200 | 1,000 | 800 |
| தொடக்க இருப்பு | 800 | 1,000 | 1,200 | 1,000 |
| உற்பத்தி | 4,200 | 5,200 | 5,800 | 4,800 |

ஒரு மிதியடிக்கு 2 கிலோ நார். அடுத்த காலாண்டுத் தேவையில் 10 சதவீத நாரை இருப்பு வைப்பதே நம் வழக்கம் என்றாலும், தென்மேற்குப் பருவமழையில் களத்தில் நார் காயாமல் சென்ற ஆண்டு தறிகள் நின்றதையும், கூலியின்றித் திரும்பியவர்களையும் மறக்க முடியாததால், ஜூன் இறுதிக்கு மட்டும் அதை 30 சதவீதமாக உயர்த்தியுள்ளேன். 2027 ஏப்ரல்–ஜூன் தேவை 8,400 கிலோ என்பது மதிப்பீடு.

| நார் (கிலோ) | ஏப்–ஜூன் | ஜூலை–செப் | அக்–டிச | ஜன–மார்ச் |
|---|---|---|---|---|
| தேவை | 8,400 | 10,400 | 11,600 | 9,600 |
| இறுதி இருப்பு | 3,120 | 1,160 | 960 | 840 |
| தொடக்க இருப்பு | 840 | 3,120 | 1,160 | 960 |
| கொள்முதல் | 10,680 | 8,440 | 11,400 | 9,480 |
| ரூபாய் | 2,67,000 | 2,11,000 | 2,85,000 | 2,37,000 |

கிலோ 25 ரூபாய் வீதம் ஆண்டுக் கொள்முதல் 40,000 கிலோ, 10,00,000 ரூபாய். ஜூன் இருப்பை ஈரம் ஏறாத மேட்டுக் கிடங்கில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்க வேண்டும்; அதற்கான முன்பணத்தை மே முதல் வாரத்திலேயே ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.