டிரைவர் தாத்தா: படத்திறப்பு நாளுக்கான காணொளி உரை

இந்தப் படத்தில் தாத்தாவுக்கு 34 வயது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில், ஏற்காடு பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். காக்கிச் சட்டைக்கு மேல் போட்டிருக்கிற அரக்கு நிற ஸ்வெட்டர் பாட்டி பின்னியது. சேலத்து வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று தோன்றலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் மலை மேல் இருப்பார்.

31 வருடம் அந்தச் சாலையில் பஸ் ஓட்டினார். கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே வந்திருக்கிற பலருக்கு அவர் பெயரைவிட 'டிரைவர் ஐயா' என்பதுதான் பழக்கம். பேரப்பிள்ளைகள் எங்களுக்கும் அவர் டிரைவர் தாத்தாதான்.

வீட்டிலும் அவர் டிரைவர்தான். மாடிப்படியில் அவர் இறங்கும்போது கீழிருந்து யாராவது ஏறினால், நடுவில் இருக்கிற திருப்பத்தில் ஒதுங்கி நின்றுவிடுவார். ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும் சரி. "ஏறுற வண்டிக்குத்தான் முதல்ல வழி" என்பார். முழங்கால் வலி வந்து, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிய நாட்களிலும் அப்படித்தான் நின்றார். இப்போது நாங்கள் எல்லோரும் அந்தத் திருப்பத்தில் நிற்கிறோம், எங்களை அறியாமலே.

போன மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்ன நோட்டுகள், மொத்தம் 11. எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள் அவரிடம் காசும் சீட்டும் கொடுத்து அனுப்புவார்களாம். சேலத்தில் வாங்கி, மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் கணக்கு இது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. இந்தப் பக்கத்தைப் பாருங்கள், அவர் கையெழுத்து: "18ஆம் வளைவு, இருமல் மருந்து. 20ஆம் வளைவு தாண்டி பெரியம்மா, கண் சொட்டு மருந்து, மீதி 2 ரூபாய். 17, பையனுக்கு வாய்ப்பாடு." வாய்ப்பாட்டுக்குக் காசு வாங்கியதாக எழுதவில்லை.

இந்தப் படம் அப்பாவின் முதல் பிறந்தநாளில் எடுத்தது. அப்பா பிறந்த இரவு தாத்தா வீட்டில் இல்லை. கடைசி பஸ்ஸை ஏற்காட்டில் நிறுத்திவிட்டு, பஸ்ஸிலேயே படுத்திருந்தார். அன்று அவருக்கு நைட் ஹால்ட். காலையில் முதல் டிரிப் இறங்கி வரும்போது, எட்டாவது வளைவில் எதிரே ஏறி வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, பையன்! ரெண்டு பேரும் சௌக்கியம்!" என்று கத்தியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்களாம். "வேகமா வந்தீங்களா தாத்தா?" என்று நான் கேட்டேன். "ஏறும்போது என்ன கியரோ, இறங்கும்போதும் அதே கியர்தான் கண்ணு. வண்டி நிறைய சனம் இருந்துச்சே" என்றார். அந்த இரவு பக்கத்தில் இல்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதனாலோ என்னவோ, நாங்கள் ஆறு பேரப்பிள்ளைகள் பிறந்தபோதும் ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக அவர்தான் நின்றார்.

ஓய்வு பெற்ற பிறகு எடுத்த படங்கள் இவை. மே மாதத்து மல்கோவாவைக் காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்கிறார். விரலால் அழுத்தினால் கோபம் வந்துவிடும். இது சாயங்காலம் எங்களுக்குத் தட்டுவடை செட் வாங்கித் தந்தபோது எடுத்தது. தனக்கு மட்டும் காரம் இல்லாமல் கேட்பார்.

இது பாட்டி பத்திரமாக வைத்திருக்கிற பஸ் டிக்கெட். எழுத்து முழுதும் மங்கிவிட்டது. சித்திரையை ஒட்டி முதல் மழை பெய்து எட்டுப் பத்து நாளில் மலையில் காப்பி பூக்கும். கிளை முழுக்க வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசனையோடு. மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். கல்யாணமான வருடம் அதைக் காட்டுவதற்காகப் பாட்டியைத் தன் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப்போனார். டிரைவர் சம்சாரத்துக்கு எதற்கு டிக்கெட் என்று கண்டக்டர் மறுத்தும், தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து டிக்கெட் வாங்கினார். பாட்டி தலையில் வைக்க ஒரு பூ கேட்டதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "ஒவ்வொரு பூவும் ஒரு காயி. பார்த்துட்டு வந்துடலாம்" என்றாராம்.

கடைசிப் படம், இந்த ஏப்ரலில் எடுத்தது. காப்பி பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவரைக் காரில் அழைத்துப்போனோம். அண்ணன் ஓட்டினான். தாத்தா முன் சீட்டில், பாட்டியும் நானும் பின்னால். அதற்குள் அவருக்குப் பேச்சு ரொம்பக் குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடியது. உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டே வந்தார். இருபது வந்ததும் ஜன்னலை இறக்கச் சொன்னார். வாசனை உள்ளே வந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தவர், மெதுவாகத் தலையைத் திருப்பிப் பாட்டியைப் பார்த்தார். அப்புறம் அண்ணனிடம் கேட்டார்:

"பாட்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"