யாழ்ப்பாண வணிக விபரக்கொத்து இணையத்தளம்: திட்ட வரைவு

முதற் கட்டத்தில் யாழ் நகரம், திருநெல்வேலி, சுன்னாகம் என மூன்று இடங்கள் மட்டும். 600 பதிவுகள் சேர்ந்த பிறகே தளம் திறக்கப்படும். மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் தொடங்கினால் பருத்தித்துறையில் ஏழு கடை, சாவகச்சேரியில் நாலு கடை என்று எல்லாப் பக்கமும் வெறுமையாய்க் கிடக்கும். ஒருமுறை தேடி ஏமாந்தவர் திரும்பி வரமாட்டார்.

வகைகள்

மேல்வகை 14, உள்வகை 80க்கு மேற்படாது. மக்கள் வாயில் வழங்கும் சொல்லே பெயர்: பலசரக்கு, புடவைக்கடை, நகைக்கடை, ஹார்ட்வெயார், கராஜ், ரியூட்டரி, மணவறை அலங்காரம். ஒரு பதிவுக்கு ஒரு முதன்மை வகையும் இரண்டு துணை வகையும் போதும். வரம்பு வைக்காவிட்டால் ஒரே கடை பத்து வகையில் நிற்கும், தேடல் பயனற்றுப் போகும். ஐந்து பதிவுகூட இல்லாத உள்வகை தளத்தில் காட்டப்படாது. ‘ஏனையவை’ என்று ஒரு வகை வேண்டாம். சேர்ப்பவர்கள் சோம்பலில் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுவார்கள்.

பதிவின் விபரங்கள்

பெயர் (தமிழிலும் ஆங்கிலத்திலும்), முகவரி, அடையாள இடம், தொலைபேசி, திறக்கும் நேரம், வரைபடப் புள்ளி. அடையாள இடம் கட்டாயம். ஒழுங்கைக்குள் இருக்கும் கடையை இலக்கத்தை வைத்துத் தேடுபவர் குறைவு, “கோயிலுக்குப் பின்பக்கம்” என்றால்தான் போய்ச் சேரலாம். நேரத்தில் போயா தினத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும், அன்று இறைச்சிக் கடைகள் மூடப்படும். நல்லூர்த் திருவிழா நாட்களுக்குத் தற்காலிக நேரம் போடவும் வசதி இருக்க வேண்டும். தொலைபேசி எண் எப்படி எழுதப்பட்டாலும் +94 வடிவில் சேமிக்கப்படும். எண் ஒன்றாயிருந்தால் இரட்டைப் பதிவா என்று பார்க்க வேண்டும், ஆனால் தானாக அழிக்கக்கூடாது. ஒரே முதலாளி ஒரே எண்ணில் இரண்டு கடை நடத்துவது வழமை.

தமிழ்த் தேடலில் பெரிய சிக்கல் எழுத்துக் குறியீட்டில் இருக்கிறது. ‘கௌரி’ என்பதைச் சிலர் ‘கெளரி’ என்று தட்டுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு. ஆகவே தேடலுக்கென்று தனிச் சாவி ஒன்றை வைத்து, சேமிக்கும் பெயரையும் தேடும் சொல்லையும் ஒரே முறையில் மாற்ற வேண்டும்:

```python
key = unicodedata.normalize("NFC", name)
key = key.replace("\u0bcc", "\u0bc6\u0bb3")
```

இதை மறுதிசையில் செய்தால் ‘வெள்ளை’ போன்ற சொற்கள் சிதையும். பாமினி எழுத்துருவில் அச்சகங்கள் தரும் பெயர்ப் பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றி, ஒருவர் வாசித்துப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும்.

இலவசமும் கட்டணமும்

மேலே சொன்ன விபரங்கள் அனைத்தும் ஒரு படத்துடன் என்றைக்கும் இலவசம். தொலைபேசி எண்ணை மறைத்து வைத்துக் காசு கேட்கும் வேலை இங்கே கூடாது. ஆண்டுக்கு 6,000 ரூபா கட்டினால் 12 படங்கள், விலைப்பட்டியல், வாட்ஸ்அப் பொத்தான், சொந்தத் தளத்துக்கு இணைப்பு. 15,000 ரூபாவுக்கு வகையின் மேல்வரிசையில் இடம். ஒரு வகைக்கு மூன்று இடம் மட்டும், ஒவ்வொன்றிலும் ‘விளம்பரம்’ என்று எழுதியிருக்கும். கட்டணப் பதிவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளில், இது காசு பெற்ற இணைப்பு என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் `rel="sponsored"` சேர்க்கப்படும். காலம் முடிந்தால் பதிவு இலவச நிலைக்கு இறங்கும், அழிக்கப்படாது. கூடுதல் படங்கள் 90 நாள் மறைவாய் இருக்கும், புதுப்பித்ததும் திரும்ப வரும்.

உரிமையாளர் சரிபார்ப்பு

சரிபார்ப்புக் குறி விற்பனைக்கு இல்லை. இலவசப் பதிவுக்கும் அதே குறி, அதே சோதனை. சரிபார்க்காத பதிவு கட்டணப் பதிவாக ஏற்கப்படாது.

உரிமை கோருபவருக்கு ஆறு இலக்கக் குறியீடு போகும், பத்து நிமிடம் செல்லுபடியாகும். அது ஏற்கனவே பதிவிலுள்ள எண்ணுக்கே போக வேண்டும். கோருபவர் புதிதாய்த் தரும் எண்ணுக்கு அனுப்பினால் எவரும் எந்தக் கடையையும் பிடித்துக்கொள்ளலாம். 021 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி என்றால் கடை நேரத்தில் நாமே அழைத்துச் சொல்வோம்.

ஆனால் போனை எடுப்பவர் முதலாளியாய் இருக்க வேண்டியதில்லை, வேலையாளும் எடுப்பார். எனவே இரண்டாம் படியாக வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், அல்லது உள்ளூராட்சிச் சபையின் வியாபார உரிமம் பார்க்கப்படும். வீட்டில் மிளகாய்த்தூள் இடிப்பவர், தையல் தைப்பவர் பலரிடம் இவை இருக்காது. அவர்களை வெளியே விடக்கூடாது: களப்பணியாளர் நேரில் போய், வேலை நடப்பதைப் பார்த்துக் குறி இடுவார். ஆவணப் படங்கள் முடிவு எடுத்த 30 நாளுக்குள் அழிக்கப்படும். எவர், எந்த நாளில், எதைப் பார்த்தார் என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்தே இந்த ஏற்பாடு.

இருவர் ஒரே கடையைக் கோரினால் பதிவு உறையும்: இலவச விபரங்கள் தெரியும், எவராலும் மாற்ற முடியாது. பங்காளிப் பிணக்கில் தீர்ப்புச் சொல்வது எமது வேலையல்ல. இருவரும் ஒப்பமிட்ட கடிதமோ நீதிமன்றக் கட்டளையோ வரும்வரை அப்படியே இருக்கும்.

குறி 12 மாதம் செல்லுபடியாகும். எண் அல்லது முகவரி மாறினால் அன்றே விலகும்.

வேலை ஒழுங்கு

களப்பணியாளர் நால்வர், ஆறு கிழமை. ஒருவர் கிழமைக்கு 25 பதிவு. பதிவுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் மூடிய கடையும் பட்டியலில் ஏறும், ஆகவே நாட்சம்பளம். பத்தில் ஒரு பதிவை இன்னொருவர் அழைத்துச் சரிபார்ப்பார். திறந்து மூன்று மாதம் கட்டணம் வாங்குவதில்லை. நாலாம் மாதம் ஒவ்வொரு கடைக்கும் அதன் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அழைப்புப் பொத்தானை அழுத்தினார்கள் என்ற கணக்கைக் கையில் கொடுத்த பிறகே கட்டணப் பதிவு பற்றிப் பேச வேண்டும்.