மேகலாவுக்கு

மேகலா, இது நீளமான செய்தி. அலுவலகத்தில் இருக்கும்போது திறந்திருந்தால் மூடி வைத்துவிடு. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு படி. போனில் பேசிவிடலாம் என்று இரண்டு முறை உன் எண்ணை எடுத்தேன். நீ பாதியிலேயே "பரவாயில்லை, விடு சாந்தி" என்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

துணை வட்டாட்சியராக உனக்குப் பதவி உயர்வு ஆணை வந்த நாள் முதல் நீ கிளம்பிப் போனது வரை நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் பொறாமை. வேலை அதிகம், தலைவலி, வீட்டில் பிரச்சினை என்று நான் சொன்னதெல்லாம் பொய். உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை உன்மீது காட்டினேன். என்னை மன்னித்துவிடு.

"ஏதாவது தவறாக நடந்திருந்தால்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். நீயும் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாய்.

அந்த வியாழக்கிழமை மதியம் பட்டியல் வந்ததும் எல்லோரும் உன் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் என் இடத்தைவிட்டு எழவில்லை. கையில் ஒரு பட்டா மாறுதல் கோப்பு இருந்தது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. நீ கூட்டத்தின் நடுவிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தாய். நான் பார்த்தேன், பார்க்காததுபோல் குனிந்துகொண்டேன். அரைமணி நேரம் கழித்து வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக "வாழ்த்துகள்" என்று ஒரு சொல் போட்டேன். பன்னிரண்டு வருடப் பழக்கத்துக்கு ஒரே ஒரு சொல்.

மறுநாள் அதைவிட மோசம். எல்லோர் முன்னாலும் உன்னை "மேடம், நீங்க இந்தக் கோப்பைப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டேன். பவானிசாகர் பயிற்சியில் முதல் நாள் மாலையே "நீ, வா, போ" என்று ஆகிவிட்டவர்கள் நாம். பதவிக்கு மரியாதை கொடுப்பதுபோல அந்த "நீங்க" வெளியே தெரிந்திருக்கும். நான் அதைச் சொன்னது உன்னைத் தள்ளி நிறுத்தத்தான். உன் முகம் சட்டென்று வாடியதைப் பார்த்தேன். அந்த நிமிடம் எனக்குள் ஒரு திருப்தி வந்தது, மேகலா. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

வழியனுப்பு விழாவுக்கு நான் வரவில்லை. கவினுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவனுக்கு ஒன்றுமில்லை, தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். நீ அன்று இரவு "கவினுக்கு எப்படி இருக்கிறது? கஞ்சி கொடு, வெந்நீர் மட்டும் குடிக்கச் சொல்" என்று செய்தி அனுப்பினாய். நான் அதற்குப் பதில்கூடப் போடவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதைவிட என் வாயால் கேட்பதே முறை. நீ போன அடுத்த வாரம் டீக்கடையில் நம் பிரிவைச் சேர்ந்த இருவர், "மேலே ஆள் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா?" என்று பேசினார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. "நமக்கெல்லாம் அப்படி வாய்க்குமா" என்று நானும் ஒரு வார்த்தை சேர்த்தேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. துறைத் தேர்வுகளை நீ எப்படி முடித்தாய் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மே மாதமும் டிசம்பர் மாதமும் விடாமல் எழுதினாய். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து படித்தாய். ஜமாபந்தி சமயத்தில் மற்றவர்கள் பதிவேட்டை மூடிவிட்டுப் போன பிறகும் அடங்கலையும் சிட்டாவையும் ஒப்பிட்டுக்கொண்டு இருந்தாய். 2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 18ஆம் தேதி இரவு, மலையடிவார வாக்குச்சாவடி ஒன்றுக்குப் பொருள்கள் வந்து சேரவில்லை என்று தெரிந்ததும் வண்டியில் ஏறி நீயே போனாய். மறுநாள் காலை ஏழு மணிக்கு அங்கே வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது என்று போனில் நீ சொன்னபோது உன் குரலே வரவில்லை.

அந்தப் பாட்டியை நினைத்துப் பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோய் நாலு மாதம் நம் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். வங்கிக் கணக்கில் ஏதோ சிக்கல் என்று நான் இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். நீ ஒரு சனிக்கிழமை அவரைக் கையைப் பிடித்து வங்கிக்கு அழைத்துப்போய்ச் சரிசெய்துவிட்டு வந்தாய். மாதம் 1,200 ரூபாய். அந்தப் பணம் திரும்ப வரத் தொடங்கிய மாதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உன் பெயர் தெரியாமல் "அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு எங்கே" என்று தேடினார். இவ்வளவையும் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்த நான் டீக்கடையில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

போன திங்கட்கிழமை அந்த இருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். "மேகலாவுக்கு யாரும் வாங்கித் தரவில்லை, பணிமூப்பும் தேர்வும் இருந்தன, வந்தது. அன்று நான் பேசியது பொறாமையில் பேசியது" என்றேன். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர் சிரித்தார், சிரித்துக்கொள்ளட்டும். என்னால் ஆன பங்கு அந்தப் பேச்சை நிறுத்துவது. இனி என் காதில் விழுந்தாலும் அப்படியே விடமாட்டேன்.

எனக்கு ஏன் இப்படி ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டும். என் தவறைச் சின்னதாக்கிக் காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போனதும் விஷயத்தைச் சொன்னேன். "உன்கூடச் சேர்ந்தவள்தானே? உனக்கு எப்போது?" என்று மாமியார் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் வருவாய்த் தேர்வில் ஒரு தாளை விட்டேன். அடுத்த முறையும் விட்டேன். அதன்பிறகு விண்ணப்பிக்கவே இல்லை. விட்டது நான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனம் இடம் தரவில்லை. உன்மேல் கோபப்படுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அதே வருடம் உனக்கு மட்டும் என்ன சும்மாவா இருந்தது? அப்பாவைக் கோயம்புத்தூரில் சேர்த்திருந்தபோது மூன்று சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு, வராந்தாவில் நீ விழித்திருந்தாய். மடியில் புத்தகம் இருந்தது. எனக்காக வந்த இடத்தில் படித்தே நீ அந்தத் தாளைத் தேறினாய். இது இத்தனை நாள் என் நினைவுக்கு வரவேயில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நினைவுக்குக் கொண்டுவந்தது முறுக்கு.

நீ கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாய். எனக்கு மட்டும் செய்தித்தாளில் பொதிந்த ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாய். நான் "அப்புறம் பார்க்கிறேன்" என்று இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன். ஒன்பது நாள் அது அங்கேயே கிடந்தது. முத்திரை மை தேடி இழுப்பறையைத் திறந்தபோது கடலை எண்ணெய் வாசனை வந்தது. தாளில் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. உள்ளே உன் அம்மா கையால் சுற்றிய முறுக்கு, ஐந்து சுற்று. ஒன்றுகூட உடையவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, உன் சாய்ந்த எழுத்தில்: "உனக்கு இனிப்பு பிடிக்காது என்று அம்மா தனியாகச் சுற்றினார்கள். மிளகு கொஞ்சம் அதிகம்."

அம்மாவுக்கு விரல் முட்டியில் வலி என்று நீ தீபாவளிக்கே சொன்னாய், கைமுறுக்கை நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னாய். அந்த விரலால் எனக்காக மாவை இழுத்துச் சுற்றியிருக்கிறார்கள். நான் அதைப் பூட்டி வைத்திருந்தேன். பதிவறைக்குப் போய் அலமாரிகளுக்கு நடுவே நின்று ஒன்றைத் தின்றேன். கொஞ்சம் சிக்கு வாடை வந்துவிட்டிருந்தது. அழுகையும் வந்துவிட்டது. மீதியை வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் தின்று முடித்தேன், ஒரு துண்டையும் கீழே போடவில்லை.

பவானிசாகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைப்பக்கம் போனது உனக்கு நினைவிருக்கிறதா? வறுத்த மீனை இலையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நீர்மட்டம் 105 அடியைத் தொட்டால் எல்லா மதகும் திறப்பார்களா என்று நான் கேட்டேன், நீ தெரிந்ததுபோல் விளக்கினாய். அப்புறம் நீயாகவே, "நம் இரண்டு பேரில் யார் முதலில் மேலே போனாலும் மற்றவளை இழுத்துக்கொள்ள வேண்டும்" என்றாய். நீ சொன்னபடிதான் இருந்தாய். தேறிய மறுவாரமே வருவாய்த் தேர்வுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். முக்கியமான பக்கங்களில் எல்லாம் மஞ்சள் நூல் தொங்கவிட்டிருந்தாய். நான் அதை வீட்டுப் பரணில் போட்டுவைத்தேன். நேற்று இறக்கித் தூசி தட்டினேன். நூல் ஒன்றும் அவிழவில்லை.

மேகலா, உனக்கு வந்த இந்தப் பதவி உனக்கு உரியது. நான் அதை அன்றே, எல்லோருக்கும் முன்னால், உன்னைக் கட்டிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அந்த நாளை நான் உனக்குக் கெடுத்துவிட்டேன், அதைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. உன் மகிழ்ச்சி எனக்கு மகிழ்ச்சி என்று இன்று சொன்னால் நீ நம்புவதும் கடினம். முழுதாக ஆறிவிட்டது என்று நானும் சொல்லமாட்டேன். எப்போதாவது ஒரு முள் குத்தலாம். குத்தினால் அது என் பாடு, உன்னிடம் கொண்டுவரமாட்டேன்.

உடனே பதில் போட வேண்டும் என்று இல்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். என்னிடம் நாலு வார்த்தை கடுமையாகப் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

நீ சரி என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உடுமலைக்கு வருகிறேன். புது வீட்டில் சாமான் இன்னும் பிரிக்கவில்லை என்று நம் குழுவில் எழுதியிருந்தாய். பிரித்து அடுக்கிக் கொடுத்துவிட்டு மாலை திரும்பிவிடுவேன். அம்மாவை நேரில் பார்த்து முறுக்குக்கு நன்றி சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று ஒரு சொல் அனுப்பு, வரமாட்டேன், வருத்தமும் படமாட்டேன்.

டிசம்பர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். உன் புத்தகம் அதுவரை என்னிடம் இருக்கட்டுமா? 214ஆம் பக்கத்தில் ஓரமாக நீ பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாய். பாதி அழிந்துவிட்டது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. பேசும்போது சொல்.

சாந்தி