ஓவர்டைம் ஒப்புதல், காம்ப் ஆஃப் விதிமுறைகள்: சூப்பர்வைசர்களுக்கும் சம்பளப் பிரிவுக்கும் பொதுவானது

இந்த விதிகள் 2026 மே 21-இல் தொடங்கும் சம்பளச் சுற்றிலிருந்து நடைமுறைக்கு வருகின்றன. சுற்று என்பது 21-ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வரை. ஷிஃப்ட் நேரங்கள்: முதல் ஷிஃப்ட் 06:00–14:00, இரண்டாவது 14:00–22:00, இரவு 22:00–06:00. அரை மணி இடைவேளை இந்த எட்டு மணிக்குள் அடக்கம். வார விடுமுறை ஞாயிறு.

1. எந்தத் தேதிக் கணக்கு

ஷிஃப்ட் தொடங்கிய தேதிதான் கணக்குத் தேதி. சனி 22:00 மணிக்கு வந்து ஞாயிறு காலை 06:00 மணிக்குப் போகிறவர் சனிக்கிழமை வேலை செய்தவர். அதற்குக் காம்ப் ஆஃப் கிடையாது. ஞாயிறு 22:00 மணிக்கு வருகிறவர் விடுமுறையில் வேலை செய்தவர், முடியும் நேரம் திங்கள் காலையாக இருந்தாலும். ஆக, வார விடுமுறை என்பது ஞாயிறு 06:00 முதல் திங்கள் 06:00 வரை. சனி இரவு ஷிஃப்ட் ஆள் தொடர்ந்து நின்று ஞாயிறு 10:00 வரை பார்த்தால், அந்த நான்கு மணி சனிக்கிழமை ஷிஃப்டின் ஓ.டி.; விடுமுறை வேலை அல்ல. இந்த ஒரு இடத்தில்தான் மஸ்டரும் சம்பளச் சீட்டும் அதிகம் முட்டிக்கொள்கின்றன.

2. எது ஓ.டி.

வேலை நாளில், சூப்பர்வைசர் சொல்லி, எட்டு மணி வேலைக்கு மேல் பார்த்த நேரம் மட்டும். விடுமுறை நாள் கணக்கு விதி 6-இல். பஞ்ச் நேரம் ஓ.டி. ஆகாது: முன்கூட்டி வந்து உட்கார்ந்திருப்பது, உடை மாற்றுவது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது இவை எதுவும் சேராது. காலையில் இரண்டு மணி பர்மிஷன் எடுத்தவர் மாலை இரண்டு மணி கூடுதலாக நின்றால் எட்டு மணி நிறைகிறது, அவ்வளவுதான். ஆனால் திங்கள் லீவு எடுத்தார் என்பதற்காகப் புதன்கிழமை ஓ.டி.யைக் கழிக்கக் கூடாது. கணக்கு நாளுக்கு நாள்.

ஒரு நாளில் ஓ.டி. 4 மணிக்கு மேல் போகக் கூடாது. திங்கள் முதல் ஞாயிறு வரை மொத்தம் 12 மணி. இரட்டை ஷிஃப்ட் இல்லை. ரிலீவர் வராவிட்டால் நிற்கிறவர் நான்கு மணி தாங்குவார், அதற்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் நான்கு மணி முன்னால் வருவார். உதாரணமாக இரண்டாம் ஷிஃப்ட் ஆள் வரவில்லை என்றால் முதல் ஷிஃப்ட் ஆள் 18:00 வரை, இரவு ஆள் 18:00 முதல். முன்னால் வந்த நான்கு மணியும் இரவு ஆளின் ஓ.டி.தான், அன்றைய தேதியிலேயே எழுத வேண்டும்.

3. ஒப்புதல்

ஷிஃப்ட் முடிவதற்கு இரண்டு மணி முன்னால் சூப்பர்வைசர் கோரிக்கை போட வேண்டும்: ஆள் எண், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், காரணம். காரணம் நான்கில் ஒன்று: மெஷின் கோளாறு, ரிலீவர் இல்லை, அனுப்ப வேண்டிய சரக்கு, இருப்புக் கணக்கெடுப்பு. 'அவசர வேலை' என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும். இரண்டு மணி நேர ஓ.டி. வரை பிரிவு மேலாளர் ஒப்புதல் தருவார், அதற்கு மேல் நான்கு மணி நேரம் வரை ஆலை மேலாளர். தனக்குத் தானே ஒப்புதல் கிடையாது.

திடீர்க் கோளாறு என்றால் போனில் அல்லது மெசேஜில் அனுமதி வாங்கி வேலையைத் தொடங்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் படிவத்தில் ஏற வேண்டும். யார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சம்பளப் பிரிவு எடுக்க வேண்டிய நேரம்: ஒப்புதல் நேரம், பஞ்ச் நேரம் இரண்டில் எது குறைவோ அது. 16:00 வரை ஒப்புதல், பஞ்ச் 16:25 என்றால் 16:00. அந்த 25 நிமிடமும் உண்மையில் வேலைதான் என்றால் சூப்பர்வைசர் கூடுதல் ஒப்புதல் வாங்கித் தர வேண்டும்.

4. ஒப்புதல் இல்லாமல் நடந்த வேலை

சூப்பர்வைசர் சொல்லி ஆள் நின்றிருந்தால் கூலி உண்டு. படிவம் வரவில்லை, வரம்பைத் தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காகச் சம்பளப் பிரிவு அதை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பிரிவு மேலாளர் வேலை நடந்ததை எழுத்தில் உறுதி செய்ததும் அதே சுற்றில் போட்டுவிட வேண்டும். படிவம் போடாதது சூப்பர்வைசரின் தவறு. அதை ஆலை மேலாளரிடம் தனியாகத் தெரிவிக்கலாம். தொழிலாளியின் பணத்தை வைத்து சூப்பர்வைசருக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

5. கணக்கு

மணிக்கூலி = (அடிப்படைச் சம்பளம் + பஞ்சப்படி) ÷ 208. 208 என்பது 26 நாள் × 8 மணி. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்பது இதைத் தொடாது. ஓ.டி. கூலி அதில் இரண்டு மடங்கு. நிமிடங்களை நாள்தோறும் முழுமையாக்கக் கூடாது. சுற்று முடிவில் மொத்த நிமிடத்தைக் கூட்டி 60-ஆல் வகுத்து இரண்டு தசமத்துக்கு எடுக்க வேண்டும்.

படிவத்தில் 'ஒன்றரை மணி' என்பதை 1:30 என்று எழுதுங்கள். 1.30 என்று எழுதினால் மென்பொருள் அதை ஒரு மணி 18 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு 12 நிமிடக் கூலி போகும், யாருக்கும் தெரியாது. புள்ளி வைத்து வந்த படிவத்தை ஊகித்துத் திருத்தாமல் திருப்பி அனுப்புவது சம்பளப் பிரிவின் பொறுப்பு.

6. காம்ப் ஆஃப் எப்படிச் சேரும்

வார விடுமுறையில் 8 மணி வேலைக்கு ஒரு நாள். 4 மணிக்கு அரை நாள். இடையில் மிச்சப்படும் நிமிடங்கள் ஓ.டி. 6 மணி 20 நிமிடம் என்றால் அரை நாளும் 2:20 ஓ.டி.யும். 11 மணி என்றால் ஒரு நாளும் 3:00 ஓ.டி.யும். 4 மணிக்குக் குறைந்தால் முழுவதும் ஓ.டி. ஒரே மணிக்கு இரண்டும் கிடையாது.

பண்டிகை விடுமுறையில் வேலை என்றால் காம்ப் ஆஃபா, முழு நேரத்துக்கும் ஓ.டி.யா என்று தொழிலாளிதான் தேர்ந்தெடுப்பார். அதை ஒப்புதல் படிவத்திலேயே குறிக்க வேண்டும். பிறகு மாற்ற முடியாது. வார விடுமுறைக்கு இந்தத் தேர்வு இல்லை, ஓய்வு கிடைத்தே ஆக வேண்டும் என்பதால்.

சூப்பர்வைசர்களுக்கு ஓ.டி. இல்லை; விடுமுறை வேலைக்குக் காம்ப் ஆஃப் மட்டும்.

7. எடுப்பதும் மிச்சமும்

இரண்டு நாள் முன்னால் கேட்க வேண்டும். சூப்பர்வைசர் ஒரு முறை மறுக்கலாம், அப்போதே ஏழு நாளுக்குள் வேறு தேதி தர வேண்டும். இரண்டாவது மறுப்பு செல்லாது. சம்பாதிக்காத காம்ப் ஆஃபை முன்கூட்டி எடுக்க வழியில்லை. காம்ப் ஆஃப் நாளில் கூப்பிட்டால் அந்த நாள் வழக்கமான வேலை நாளாகிவிடும், இருப்பு திரும்ப ஏறும்.

வேலை செய்த தேதியிலிருந்து 60 நாள் அவகாசம். 45-ஆம் நாளிலும் காம்ப் ஆஃப் மிச்சம் வைத்திருப்பவர்களின் பட்டியலைச் சம்பளப் பிரிவு சூப்பர்வைசருக்கு அனுப்பும். சூப்பர்வைசர் மூன்று நாளுக்குள் தேதி போட வேண்டும். 60 நாளிலும் எடுக்காத காம்ப் ஆஃப் காலாவதி ஆகாது. 61-ஆம் நாள் விழும் சுற்றில், ஒரு நாளுக்கு 8 மணி ஓ.டி. வீதம் பணமாகும். வேலையை விட்டுப் போகிறவருக்கு இறுதிக் கணக்கில் அதே வீதம்.

8. கெடு

சுற்றின் படிவங்கள் 22-ஆம் தேதி 12:00 மணிக்குள். பிழையுள்ள படிவம் இரண்டு வேலை நாளில் காரணத்தோடு திரும்பும். 26-ஆம் தேதிக்குள் சரியாக வந்தால் அதே மாதம், இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் நிலுவையாக. விதி 4-இல் வருபவை இந்தக் கெடுவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவற்றை மாதச் சம்பளம் போடும் நாள் வரை ஏற்க வேண்டும். மஸ்டரில் அடித்துத் திருத்தக் கூடாது: பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி.

விதிகளுக்கு இரண்டு விதமாகப் பொருள் தோன்றினால் தொழிலாளிக்குச் சாதகமானதை அந்தச் சுற்றில் போட்டுவிட்டு, ஆலை மேலாளரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். சட்டம் இதைவிடக் கூடுதலாகத் தருமிடத்தில் சட்டமே. ஓ.டி., காம்ப் ஆஃப் பற்றிய முந்தைய சுற்றறிக்கைகள் அனைத்தும் ரத்து.