பொருள்: ₹3,88,000 நிலுவை: நேற்றைய பேச்சில் நீங்கள் ஒப்புக்கொண்ட மூன்று தேதிகள்

திருப்பூர்
18.11.2025

அன்புள்ள சண்முகம் சார்,

வணக்கம். நேற்று (17.11.2025, திங்கள்) மாலை போனில் பொறுமையாகப் பேசியதற்கு நன்றி. அமெரிக்க வரி 50 சதவீதமானதும் உங்கள் பையர் இரண்டு ஆர்டர்களை நிறுத்தி வைத்ததைச் சொன்னீர்கள். ஊர் முழுக்க அதே நிலைமைதான், புரிகிறது. அதனால்தான் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கேட்காமல் மூன்று தவணைக்குச் சம்மதித்தோம். பேசியது இருவருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கணக்கு. உங்களுக்கு அனுப்பிய அட்டைப் பெட்டிகளுக்கான மூன்று பில்கள் நிலுவையில் உள்ளன.

பில் 214, 12.07.2025: ₹1,38,600
பில் 231, 02.08.2025: ₹1,74,250
பில் 246, 23.08.2025: ₹1,25,150

மொத்தம் ₹4,38,000. அக்டோபர் 10 அன்று நீங்கள் அனுப்பிய ₹50,000 போக, பாக்கி ₹3,88,000. மூன்று பில்களுக்குமே 45 நாள் கெடு; கடைசிப் பில்லின் கெடுவும் அக்டோபர் 7-லேயே முடிந்துவிட்டது. 231-ஆம் பில்லில் நனைந்து வந்த 60 பெட்டிகளுக்குச் செப்டம்பரிலேயே கிரெடிட் நோட் கொடுத்துவிட்டோம், மேலே உள்ள தொகை அதைக் கழித்த பிறகு வருவது. அந்தப் பேச்சு முடிந்தது என்று நேற்று நீங்களும் சொன்னீர்கள்.

நீங்கள் ஒப்புக்கொண்ட தேதிகள்:

28.11.2025, வெள்ளி: ₹1,25,000
15.12.2025, திங்கள்: ₹1,25,000
31.12.2025, புதன்: ₹1,38,000

இரண்டாவது தவணைக்கு முதலில் “டிசம்பர் நடுவுல” என்றீர்கள், பிறகு 15 என்று உறுதி செய்தீர்கள். அதனால் 15 என்றே எழுதியிருக்கிறேன். தேதி என்பது எங்கள் கணக்கில் பணம் வரவாகும் நாள். அன்று செக் கொடுப்பதோ, என்இஎஃப்டி போடச் சொல்லியிருப்பதாகத் தகவல் தருவதோ போதாது. டிசம்பர் 31 வருடக் கடைசி நாள் என்பதால் அதை மட்டும் ஒரு நாள் முன்கூட்டியே அனுப்பினால் இருவருக்கும் நிம்மதி. வரும் பணத்தைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழிப்போம். முதல் தவணையோடு 214 முழுமையாகத் தீர்ந்துவிடும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் ஜிஎஸ்டியில் எடுத்த உள்ளீட்டு வரிச் சலுகையை வட்டியோடு திருப்ப வேண்டியிருக்கும். 214-க்கு அந்தக் கெடு ஜனவரி 8. இந்தத் தேதிகளில் பணம் வந்துவிட்டால் உங்களுக்கும் அந்தத் தலைவலி இல்லை.

மூன்றும் சொன்ன நாளில் வந்துவிட்டால் தாமத வட்டி எதுவும் கேட்க மாட்டோம். ஒரு தவணை தவறினாலும் இந்தச் சலுகை நின்றுவிடும், மீதித் தொகை முழுவதையும் உடனே கேட்போம். எங்களுடையது உத்யம் பதிவுள்ள குறு உற்பத்தி நிறுவனம்; 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கேட்கவும் வசதியாக்கல் கவுன்சிலில் மனு செய்யவும் எங்களுக்கு வழி உண்டு. ஆறு வருடமாக நம்மிடம் வாங்குகிற உங்களோடு அந்த வழிக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் சொல்லாமல் விட்டு, பிறகு திடீரென்று நோட்டீஸ் அனுப்புவதும் முறையல்ல, அதனால் இப்போதே எழுதிவிட்டேன்.

ஏதாவது ஒரு தவணையில் சிரமம் வரும் என்று தெரிந்தால், தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே எனக்குப் போன் செய்யுங்கள். தீபாவளி முடிந்ததும் தருகிறேன் என்றதும், அப்புறம் மூன்று வாரம் போன் எடுக்காததும்தான் எங்களை அதிகம் சங்கடப்படுத்தியது.

புது ஆர்டர்: நீங்கள் கேட்ட ஐந்து அடுக்குப் பெட்டிகள் 800-ஐயும் முதல் தவணை வந்த மறுநாளே ஓட்ட ஆரம்பிப்போம். டிசம்பர் முடியும்வரை புதுச் சரக்குக்கு மட்டும் பாதிப் பணம் முன்பணம், மீதி டெலிவரியின்போது. ஜனவரியிலிருந்து பழையபடி 45 நாள் கடனுக்கு வந்துவிடலாம்.

வங்கிக் கணக்கு பில்லில் அச்சிட்டிருப்பதுதான், மாறவில்லை. கணக்கு எண் மாறியதாக எங்கள் பெயரில் மெயில் வந்தால் எனக்குப் போன் செய்து கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

மேலே எழுதியது சரியென்றால், வியாழக்கிழமை (20.11.2025) மாலைக்குள் இந்த மெயிலுக்கே “தொகையும் தேதிகளும் சரி, ஒப்புக்கொள்கிறேன்” என்று உங்கள் பெயரோடு பதில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டு விட வேண்டாம் சார், ஆடிட்டரிடம் காட்ட மெயில்தான் வேண்டும். எங்காவது தவறாக எழுதியிருந்தால் அதே நாளுக்குள் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.

மூன்று பில்கள், கிரெடிட் நோட், இன்று வரையிலான கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தேன்மொழி
கணக்குப் பிரிவு